ஆடிட்டருக்கு சித்தப்பா எழுதின லெட்டர்: ரூ.27,360 போன பிறகு பிறந்த ஒரு ஃபோல்டர்

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனா நமக்கு ஒரு வேலை கண்டிப்பா காத்திருக்கும். "நீ கம்ப்யூட்டர்ல வேலை பாக்குறவன்தானே, இதக் கொஞ்சம் பாரு"ன்னு யாராவது ஒருத்தர் ஒரு பையை நீட்டுவாங்க. எனக்கு இந்த வருஷம் நீட்டினது சித்தப்பா. கள்ளக்குறிச்சியில கச்சிராயபாளையம் போற ரோட்டுல ஹார்டுவேர் கடை வெச்சிருக்கார். பிவிசி பைப், மோட்டார் உதிரி பாகம், பெயிண்ட், ஆணி, தாழ்ப்பாள் எல்லாம் கிடைக்கும். வாரத்துக்கு ஒருநாள் வேன்ல சரக்கு ஏத்திக்கிட்டு கோமுகி அணையைத் தாண்டி கல்வராயன் மலை ஏறி வெள்ளிமலை வரைக்கும் போய் வித்துட்டு வருவார்.

அவர் நீட்டினது மஞ்சப்பை. உள்ளே ஒன்பது மாச கொள்முதல் பில். பாதி பில்லுல எழுத்தே இல்ல. தெர்மல் பேப்பர்ல பிரிண்ட் ஆனது வெயில்ல வெளுத்துப் போயிருந்தது. மீதி பில் எங்கன்னு கேட்டா, "அதெல்லாம் வாட்ஸ்அப்ல அனுப்பிட்டேன்பா"ன்னார். யாருக்கு அனுப்பினார்னு அவருக்கே ஞாபகம் இல்ல.

அந்தப் பையில இருந்த ஒரே ஒரு பில்லாலதான் இந்தக் கட்டுரை. 2025 மார்ச் 18 தேதி போட்ட பைப் லோடு. சரக்கு மதிப்பு 1,52,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி 27,360. மொத்தம் 1,79,360. சித்தப்பா முழுப் பணமும் கொடுத்துட்டார். அந்த 27,360 ரூபாயை அவர் அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில கழிச்சிக்கலாம், உள்ளீட்டு வரி வரவுன்னு சொல்றது அதைத்தான். ஆனா கழிக்கவே இல்ல. இனிமே கழிக்கவும் முடியாது. நம்மள்ல பல பேருக்கு முதல் வேலையோட முதல் மாச சம்பளமே அவ்ளோதான்!

எப்படிப் போச்சுன்னு பார்த்தோம். பில்லுல கடை பேர் இருந்தது, ஊர் இருந்தது. கடையோட ஜிஎஸ்டி எண் மட்டும் இல்ல. சப்ளையர் பில் போடும்போது அந்த எண்ணை டைப் பண்ணாம விட்டுட்டார். அதனால அவரோட கணக்குல இது பதிவு இல்லாத சாதாரண வாடிக்கையாளருக்கு வித்த சரக்கா போயிடுச்சு. ஒவ்வொரு மாசமும் 14-ஆம் தேதி ஜிஎஸ்டி போர்ட்டல்ல நம்ம பேருக்கு ஜிஎஸ்டிஆர்-2பி-ன்னு ஒரு பட்டியல் வரும். நமக்கு வித்தவங்க ஏத்தின பில்லெல்லாம் அதுல இருக்கும். இந்த பில் அதுல வரவே இல்ல. 2024-25 நிதியாண்டு பில்லுக்கு வரவு எடுக்க கடைசி நாள் 2025 நவம்பர் 30. சப்ளையர் தன்னோட தவறைத் திருத்தறதுக்கும் அதே நாள்தான். நாங்க பையைத் திறந்தது 2026 ஜனவரி.

ஆடிட்டர் மேல தப்பு சொல்லலாமான்னு யோசிச்சேன். அவர் 2பி பட்டியலைப் பார்த்து, அதுல இருந்த எல்லாத்துக்கும் சரியா வரவு எடுத்திருக்கார். பட்டியல்ல இல்லாத ஒரு பில் இருக்குன்னு அவருக்கு எப்படித் தெரியும்? சப்ளையர் ஏத்தினதைத்தான் போர்ட்டல் காட்டும். ஏத்தாம விட்டதைக் காட்டறதுக்கு நம்ம கையில இருக்கற பில்லைத் தவிர வேற எதுவும் கிடையாது. அந்த பில் ஆடிட்டர் கண்ணுல படற இடத்துல, தேடினா கிடைக்கற பேர்ல இருந்திருக்கணும். இருந்தது மஞ்சப்பையில.

ரெண்டு நாள் உட்கார்ந்து எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி அடுக்கினோம். அப்புறம் சித்தப்பா ஒரு வேலை செஞ்சார். "இத நீ வாயால சொல்லிட்டுப் போயிடுவ. ஆடிட்டர் ஆபீஸ்ல ஆறு மாசத்துக்கு ஒரு பையன் மாறுறான். எழுதிக் கொடுப்போம்"னு உட்கார்ந்து சொல்ல ஆரம்பிச்சார். நான் டைப் பண்ணேன். (எங்க ஊர்ல ஜிஎஸ்டி கணக்கு பாக்கற எல்லாரையும் ஆடிட்டர்னுதான் சொல்லுவோம்.) அவர் அனுமதியோட லெட்டரை இங்கே போடறேன். கடை பேர், ஆள் பேர் எடுத்துட்டேன். உங்க அப்பாவோ மாமாவோ கடை வெச்சிருந்தா, பேரை மட்டும் மாத்தி அப்படியே அனுப்பலாம்.

"ஆடிட்டர் சாருக்கு வணக்கம்.

இந்த ஜனவரி மாதக் கணக்கிலிருந்து பில்களைப் பையில் கொண்டுவந்து தர மாட்டேன். வாட்ஸ்அப்பிலும் அனுப்ப மாட்டேன். எல்லாம் கூகுள் டிரைவில் இருக்கும். அது கடைக்கென்று புதிதாகத் தொடங்கிய மெயில். என் மகன் மெயிலும் இல்லை, கடைப் பையன் மெயிலும் இல்லை. அதனால் யார் வேலையை விட்டுப் போனாலும், போன் மாற்றினாலும் பில் போகாது. உங்கள் ஆபீஸ் மெயிலுக்குப் பார்க்கும் அனுமதி கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு மாதத்திலும் நான்காவது ஃபோல்டரில் மட்டும் நீங்கள் ஃபைல் போடவும் முடியும். அமைப்பு இப்படி இருக்கிறது:

```
FY2025-26/
  2026-01/
    1_PURCHASE/
    2_SALES/
    3_BANK/
    4_GST_FILED/
```

மாதத்தை ஜனவரி, பிப்ரவரி என்று எழுதவில்லை. எழுதினால் கம்ப்யூட்டர் அகர வரிசையில் ஏப்ரலுக்கு அடுத்து ஆகஸ்டைக் கொண்டுவந்து வைக்கிறது. வருடம் முதலில், மாதம் பிறகு என்று எண்ணால் எழுதினால் 2025-04 முதல் 2026-03 வரை தானாக வரிசையில் நிற்கிறது.

கொள்முதல் பில் ஒவ்வொன்றும் தனித்தனி ஃபைல். பேர் இப்படி இருக்கும்:

```
2026-01-07_SALEMPIPE_SP-2526-0417_64900.pdf
```

முதலில் பில் தேதி. நான் ஸ்கேன் செய்த தேதி அல்ல, பில்லில் அச்சாகியிருக்கும் தேதி. அடுத்தது சப்ளையருக்கு நான் வைத்திருக்கும் சுருக்கப் பேர். எல்லா மாதமும் அதே பேர்தான் வரும். மூன்றாவது பில் எண். கடைசியில் வரியோடு சேர்ந்த மொத்தத் தொகை, காற்புள்ளி இல்லாமல்.

பில் எண்ணில் ஒரு விஷயம் கவனிக்கவும். அசல் பில்லில் SP/2526/0417 என்று சாய்கோடு இருக்கும். விண்டோஸில் ஃபைல் பேரில் சாய்கோடு போட முடியாது. அதனால் சின்னக் கோடு போட்டிருக்கிறேன். நீங்கள் 2பி பட்டியலில் தேடும்போது சாய்கோட்டோடு தேடவும். இல்லையென்றால், கடைசி நான்கு எண்ணை மட்டும் போட்டுத் தேடினால் போதும்.

மாதக் கடைசியில் வரும் பில்லுக்கு ஒரு விதி வைத்திருக்கிறேன். ஜனவரி 30 தேதியிட்ட பில்லின் சரக்கு பிப்ரவரி 2-ஆம் தேதி வந்து இறங்கினால், பில் ஜனவரி ஃபோல்டரில்தான் இருக்கும். ஆனால் பேரின் கடைசியில் `_RCVD0202` என்று சேர்த்திருப்பேன். சரக்கு கைக்கு வந்த பிறகுதான் வரவு எடுக்க முடியும் என்று நீங்கள் சொன்னதால் இந்தக் குறிப்பு.

பில்லில் எங்கள் ஜிஎஸ்டி எண் இல்லையென்றால், ஃபைல் பேரின் முன்னால் `X_` என்று போட்டிருப்பேன். அது நீங்கள் வரவு எடுக்க அல்ல. நான் சப்ளையரைப் பிடித்துத் திருத்த வேண்டிய பில் என்று எனக்கே வைத்துக்கொண்ட அடையாளம். திருத்திய பில் வந்ததும் `X_` ஃபைல் போய்விடும். மாதக் கடைசியில் ஒரு `X_` மிச்சம் இருந்தாலும் எனக்குப் போன் செய்யவும்.

விற்பனை ஃபோல்டரில் எப்போதும் இரண்டு ஃபைல் இருக்கும்:

```
2026-01_SALES_REGISTER.xlsx
2026-01_HILLBOOK_H0151-H0188.pdf
```

முதலாவது கடைக் கம்ப்யூட்டரில் போட்ட பில்களின் பட்டியல். இரண்டாவது மலைக்குக் கொண்டுபோகும் கை பில் புத்தகம். மேலே சிக்னல் வரும், போகும். அதனால் அங்கே கம்ப்யூட்டர் பில் போட முடிவதில்லை. அந்தப் புத்தகத்துக்கு H என்று தனி வரிசை எண் இருக்கிறது. மலையிலிருந்து இறங்கிய அன்று இரவே பக்கங்களை ஸ்கேன் செய்துவிடுகிறேன். கை பில்லை மறுபடியும் கம்ப்யூட்டரில் ஏற்ற மாட்டேன். போன வருடம் என் மகன் ஏற்றிவிட்டான். ஒரே விற்பனைக்கு இரண்டு முறை வரி கட்டினேன்.

ஆகவே மாத விற்பனை என்பது இரண்டு ஃபைலையும் கூட்டினால்தான் வரும். ஜனவரிக்கு, வரியோடு, கடை பில் 6,84,210. மலை பில் 91,450. மொத்தம் 7,75,660. எக்செல்லை மட்டும் எடுத்தால் 91,450 குறையும்.

ரத்து செய்த பில்லை அழிக்க மாட்டேன், கிழிக்க மாட்டேன். H0163 ரத்து. அந்தப் பக்கமும் ஸ்கேனில் இருக்கிறது. நீங்கள் ஜிஎஸ்டிஆர்-1 போடும்போது எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை பில் போட்டோம், அதில் எத்தனை ரத்து என்று கேட்கிறதாமே. மலைப் புத்தகத்தில் மொத்தம் 38, ரத்து 1, மீதி 37.

ஃபைலை அனுப்பிய பிறகு ஏதாவது மாற்றினால் பழையதை அழிக்காமல் புதியதற்கு `_R2` என்று பேர் வைப்பேன். R எண் பெரிதாக இருப்பதுதான் சரியானது. ஃபைனல், ஃபைனல் புதுசு என்றெல்லாம் இனி வராது.

மூன்றாவது ஃபோல்டரில் அந்த மாத பேங்க் ஸ்டேட்மென்ட் இருக்கும். சப்ளையருக்கு 180 நாளுக்குள் பணம் கொடுத்தேனா என்று நீங்கள் பார்க்க அது போதும் என்று நினைக்கிறேன். நான்காவது ஃபோல்டர் உங்களுடையது. நீங்கள் தாக்கல் செய்த ஜிஎஸ்டிஆர்-1, 3பி இரண்டின் பிடிஎஃப்பும், அந்த மாத 2பி எக்செல்லும் அதில் வேண்டும்.

ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி இரவுக்குள் என் பக்கம் முடிந்திருக்கும். 14-ஆம் தேதி 2பி வந்ததும், ஃபோல்டரில் இருந்து பட்டியலில் இல்லாத பில்கள் எவை என்று மட்டும் எனக்கு எழுதி அனுப்பவும். சப்ளையரோடு சண்டை போடுவது என் வேலை.

இப்படிக்கு…"

லெட்டர் இவ்ளோதான். டைப் பண்ணும்போது நடந்த சில விஷயங்களையும் சொல்லிடறேன். நீங்க வீட்ல இதைச் செய்யும்போது அதே இடத்துலதான் இடிக்கும்.

நான்காவது ஃபோல்டருக்கு முதல்ல `4_RETURNS`-னுதான் பேர் வெச்சேன். ரிட்டர்ன் தாக்கல்னுதானே சொல்றோம்? மறுநாள் திறந்து பார்த்தா உள்ளே உடைஞ்சுபோய் திருப்பி அனுப்பின டேப்புக்கு வந்த கிரெடிட் நோட் உட்கார்ந்திருக்கு. கடைக்காரருக்கு ரிட்டர்ன்னா திரும்பிப் போன சரக்கு! தப்பு என்னுதுதான். பேரை மாத்தினேன். கிரெடிட் நோட் எல்லாம் கொள்முதல் ஃபோல்டர்லயே, பில் எண்ணுக்கு முன்னாடி `CN` போட்டு இருக்கு.

சித்தப்பாவுக்கு ஃபோல்டர் பேரெல்லாம் தமிழ்ல வேணும்னு ஆசை. எனக்கும்தான். ஆனா ஆடிட்டர் ஆபீஸ்ல எல்லாத்தையும் ஒரே ஜிப் ஃபைலா இறக்கி பழைய கம்ப்யூட்டர்ல திறந்தா, தமிழ்ப் பேர் கட்டம் கட்டமா தெரிஞ்சது. அதனால விட்டுட்டோம். கடையில இருக்கற பாக்ஸ் ஃபைல் முதுகுல மட்டும் "தை – கொள்முதல்"னு அவர் கையால எழுதி ஒட்டியிருக்கார். தை மாசம் ஜனவரி நடுவுல பிறக்கும்னு சொன்னேன். சிரிச்சார், மாத்தல.

பில்லைச் சரிபார்க்கும்போது முகவரியைப் பார்த்துப் பதற வேண்டாம். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமா செயல்படத் தொடங்கினது 2019 நவம்பர்ல. சில சப்ளையரோட சாஃப்ட்வேர்ல நம்ம கடை இன்னும் விழுப்புரம் மாவட்டத்துலதான் இருக்கு. மாத்தச் சொல்லிடுங்க, ஆனா அந்த ஒரு காரணத்தால பில் 2பி-ல வராம போகாது. பார்க்க வேண்டியது 33-ல ஆரம்பிக்கற 15 இலக்க ஜிஎஸ்டி எண். அதை சரக்கு இறங்கும்போதே, டிரைவர் கிளம்பறதுக்கு முன்னாடி பார்க்கணும். அப்போ ஒரு போன்ல வேலை முடியும். சப்ளையர் அந்த மாச ஜிஎஸ்டிஆர்-1-ஐத் தாக்கல் பண்ணிட்டார்னா, அப்புறம் திருத்தம் போடணும். அவருக்கு அது எக்ஸ்ட்ரா வேலை, நமக்கு அது காத்திருப்பு.

தெர்மல் பில்லை அன்னிக்கே ஸ்கேன் பண்ணிடுங்க. காகிதத்தை வெச்சிருந்தா போதும்னு நினைக்காதீங்க. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை, அந்த வருஷத்தோட ஆண்டு ரிட்டர்ன் கடைசி தேதியிலிருந்து 72 மாசம் வெச்சிருக்கணும். 2025-26 நிதியாண்டுக்கு அந்தக் கடைசி தேதி 2026 டிசம்பர் 31. அப்போ இந்த பில் எல்லாம் 2032 டிசம்பர் 31 வரைக்கும் படிக்கற மாதிரி இருக்கணும். எந்த தெர்மல் பேப்பரும் ஹார்டுவேர் கடை அலமாரியில அவ்ளோ நாள் தாங்காது. டிரைவ்ல இலவசமா கிடைக்கற 15 ஜிபி இந்த மாதிரி கடைக்கு தாராளமா போதும். இருந்தாலும் மூணு மாசத்துக்கு ஒருமுறை பென் டிரைவ்ல ஒரு காப்பி எடுத்து வீட்டு பீரோவுல வைக்கச் சொல்லியிருக்கேன். பாஸ்வேர்டு மறந்து போற வீடு எங்க வீடு.

இனி முதல் மாசம் என்ன ஆச்சுன்னு பார்ப்போம். ஜனவரி கொள்முதல் ஃபோல்டர்ல 31 ஃபைல் இருந்தது. பிப்ரவரி 14 பட்டியல் வந்தப்போ அதுல 29 பில் இருந்தது. ரெண்டு இல்ல. சித்தப்பா உடனே ரெண்டு சப்ளையரையும் திட்டக் கிளம்பிட்டார். ஆடிட்டர்தான் நிறுத்தினார்.

ஒரு பில் பெயிண்ட் சப்ளையரோடது. அவர் சின்ன வியாபாரி, மூணு மாசத்துக்கு ஒருமுறை தாக்கல் பண்ற முறையில இருக்கார். அந்த மாதிரி ஆளுங்க முதல் ரெண்டு மாசத்து பில்லை விருப்பப்பட்டா அடுத்த மாசம் 13-ஆம் தேதிக்குள்ள ஏத்தலாம். கட்டாயம் இல்ல. ஏத்தலைன்னா ஜனவரி பில் மார்ச் மாச 2பி-லதான் வரும், அதாவது ஏப்ரல் 14. அதுவரைக்கும் வரவு எடுக்க முடியாது, ஆனா பணம் போகல. இவங்க பில்லுக்கு மட்டும் சுருக்கப் பேர்லயே `Q` சேர்த்துட்டோம், `QPAINT`-ங்கற மாதிரி. அடுத்த தடவை பட்டியல்ல இல்லைன்னா பதற வேண்டாம்னு பேரைப் பார்த்தாலே தெரியும். அப்படியே இன்னொண்ணும் முடிவு பண்ணோம்: பெரிய லோடு எடுக்கும்போது, "மாசாமாசம் ஏத்துவீங்களா?"ன்னு முதல்லயே கேட்டுடறது.

இன்னொரு பில் 4,720 ரூபாய். சரக்கு 4,000, வரி 720. ஜனவரி 22 தேதி. ஃபைல் பேர் `X_`-ல ஆரம்பிச்சது. அதாவது ஜிஎஸ்டி எண் இல்லைன்னு அன்னிக்கே குறிச்சு வெச்சிருக்கார், போன் பண்ண மட்டும் மறந்துட்டார். 14-ஆம் தேதி ராத்திரியே கூப்பிட்டார். சப்ளையர், "சாரிண்ணே, அடுத்த மாசத்து ரிட்டர்ன்ல திருத்திப் போட்டுடறேன்"னு சொல்லியிருக்கார். இந்த வருஷத்து பில்லுக்கு 2026 நவம்பர் 30 வரைக்கும் நேரம் இருக்கு. மார்ச் 14 பட்டியல்ல அந்த 720 ரூபாய் வந்து உட்கார்ந்ததும், சித்தப்பா அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினார். ஃபைல் பேர் `IMG-20260315-WA0003`.